காரீயம் அதிகம் என்றால் பழசா? குன்னூரில் வாங்கிய பியூட்டரும் அதில் பூத்த வெள்ளைப் பொடியும்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய எஸ்டேட் பங்களா கைமாறும்போது உள்ளே இருக்கும் சாமான்கள் மொத்தமாக விலைக்கு வரும். தேக்கு அலமாரி, பித்தளை விளக்கு, உடைந்த பீங்கான், இவற்றோடு சாம்பல் நிறத்தில் மங்கலாக நாலைந்து குவளையும் தட்டும் கிடக்கும். அதுதான் பியூட்டர். வெள்ளீயத்தை முக்கியமாக வைத்து, கொஞ்சம் செம்பு, ஆண்டிமணி, சிலவற்றில் காரீயம் கலந்து வார்த்தது. அப்படி ஒரு வீட்டிலிருந்து ஒரு பைன்ட் குவளை, ஒன்பதரை அங்குலத் தட்டு, ஒரு டீ பாட் மூன்றையும் சேர்த்து 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். விற்றவர் குவளையை நகத்தால் தட்டிக் காட்டி, "சத்தம் வருதா பாருங்க சார், சும்மா பொத்துனு இருக்கு. அவ்வளவும் காரீயம். காரீயம் அதிகம்னா இங்கிலாந்து ராஜா மூணாம் ஜார்ஜ் காலம், இருநூறு வருஷம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் விலையில் பாதி.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் குவளையின் அடிப்பகுதியிலும் கைப்பிடிக்குக் கீழும் சுண்ணாம்பு தூவியது போல வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதே அலமாரியில் பக்கத்திலேயே இருந்த டீ பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டில் விளிம்போரம் லேசான மங்கல், அவ்வளவுதான். ஏன் ஒன்றுக்கு மட்டும் இப்படி என்று விசாரிக்கப் போனதில்தான் மூன்றின் வயதும் விற்றவர் சொன்ன காரீயக் கணக்குக்கு ஒத்துப்போகாத வரிசையில் இருப்பது தெரிந்தது. அப்போது கோபம் வந்தது உண்மை. வீட்டில் சின்னக் குழந்தை உண்டு, அந்தப் பொடி என்னவென்று தெரிந்தபோது வந்தது வேறு மாதிரியான பயம்.

முதலில் காரீயமும் வயதும். இங்கிலாந்தில் பியூட்டர் வார்ப்பவர்களின் சங்கம் லண்டனில் 14ஆம் நூற்றாண்டிலேயே கலவைக்கு விதி வைத்திருந்தது. தட்டு, பெரிய தாம்பாளம் போன்ற உணவுப் பாத்திரங்களுக்கு நல்ல கலவை: வெள்ளீயத்தோடு கொஞ்சம் செம்பு, காரீயம் மிகக் குறைவு. குவளை, உப்புக் கிண்ணம் போன்றவற்றுக்கு அடுத்த தரம். அளவைக் குவளை, மெழுகுவர்த்தி அச்சு, மலிவான பொருள்களுக்குக் காரீயம் நிறையச் சேர்ந்த கடைசித் தரம். அதாவது காரீயத்தின் அளவு முதலில் சொல்வது, அந்தப் பொருள் எதற்காக, என்ன தரத்தில் செய்யப்பட்டது என்பதைத்தான். முந்நூறு வருஷத்துத் தட்டில் காரீயம் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும், நூற்றிருபது வருஷத்துச் சாராயக்கடைக் குவளையில் ஐந்தில் ஒரு பங்கு காரீயம் இருக்கும். மறுபக்கம், 1770 வாக்கில் ஷெஃபீல்டில் பிரிட்டானியா மெட்டல் என்று ஒன்று வந்தது. வெள்ளீயத்தோடு ஐந்தாறு சதவீதம் ஆண்டிமணி, இரண்டு சதவீதம் செம்பு, காரீயம் கிடையாது. அதைத் தகடாக உருட்டி, மடித்து, பிறகு சுழலும் அச்சில் அழுத்தி டீ பாட் செய்தார்கள். ஆகவே காரீயம் இல்லை என்றதும் புதுசு என்று ஒதுக்கினால் விக்டோரியா காலத்து நல்ல பொருளைக் கைவிட்டுவிடுவோம். ஐரோப்பாவில் இன்றைய பியூட்டருக்கு 0.25 சதவீதத்துக்கு மேல் காரீயம் கூடாது என்று விதி இருப்பதால் ஒன்றை மட்டும் தைரியமாகச் சொல்லலாம்: காரீயம் கணிசமாக இருந்தால் அது அண்மையில் விதிப்படி செய்த பொருள் அல்ல. எத்தனை பழசு என்று அது சொல்லாது. பழசு போலவே வார்த்த போலிகளிலும் காரீயத்தைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் வயதை எங்கே பார்ப்பது? என் குவளையை வைத்தே சொல்கிறேன். வாய்ப்பக்கம் வெளியே, கைப்பிடிக்கு அருகே ஒரு சின்ன முத்திரை இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கிரீடம், அதன் கீழ் ஆங்கிலத்தில் வி.ஆர். என்ற இரண்டெழுத்து, அதற்கும் கீழ் ஓர் எண். இது செய்தவர் முத்திரை இல்லை. சாராயக்கடையில் ஊற்றும் அளவு சரிதானா என்று எடை அளவு ஆய்வாளர் அடிக்கும் முத்திரை. வி.ஆர். என்பது விக்டோரியா ராணி. கிரீடம், எழுத்து, வட்டார எண் மூன்றும் சேர்ந்த இந்தப் பொது வடிவம் 1878 சட்டத்துக்குப் பிறகு வந்தது, ராணி இறந்தது 1901. ஆக இந்த முத்திரை விழுந்தது அந்த இருபத்துச் சொச்சம் வருஷங்களுக்குள். பழைய குவளையிலும் பின்னால் முத்திரை அடிப்பதுண்டு என்பதால் இதோடு நிறுத்தக் கூடாது. முன்னால் அடித்த வேறு முத்திரை, குறிப்பாக ஜார்ஜ் மன்னர்களைக் குறிக்கும் ஜி.ஆர். அல்லது வில்லியம் மன்னரைக் குறிக்கும் டபிள்யூ.ஆர். அல்லது ஏதாவது ஊர்ச் சின்னம் இருக்கிறதா என்று விளிம்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும். என் குவளையில் ஒன்றுமில்லை.

அடுத்தது கொள்ளளவு. இங்கிலாந்தில் 1824 சட்டத்தால் இம்பீரியல் அளவு வந்தது, 1826 ஜனவரியிலிருந்து நடைமுறை. இம்பீரியல் பைன்ட் 568 மில்லி. அதற்கு முன் ஒயினுக்கான பைன்ட் சுமார் 473, ஏல் என்ற பீருக்கான பைன்ட் சுமார் 578. காலிக் குவளையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி கிராமைப் படித்தால் அதுவே மில்லி. என் குவளை 567 காட்டியது. 473 பக்கம் வந்திருந்தால் பழமைக்கு நல்ல ஆதாரம். 568க்கும் 578க்கும் நடுவில் பத்து மில்லிதான் வித்தியாசம், வயிற்றில் ஓர் அமுங்கல் இருந்தாலே அது போய்விடும். அதனால் இந்த இரண்டையும் பிரிக்கத் தண்ணீரை மட்டும் நம்ப வேண்டாம், முத்திரையோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து என் குவளையை விக்டோரியா ராணியின் கடைசிக் காலத்தில் நிறுத்தின. மூன்றாம் ஜார்ஜ் 1820லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

தட்டில் பார்க்க வேண்டிய இடம் வேறு. தட்டின் தரைக்கும் விளிம்புக்கும் நடுவில் வளைந்து ஏறும் பகுதி இருக்கிறதே, அதன் பின்பக்கத்தில் சுத்தியல் வரிசையாக விழுந்த தடம் தெரிந்தால் அது கையால் செய்த நல்ல இங்கிலாந்துத் தட்டு. வார்த்த உலோகம் அந்த வளைவில் பலவீனம் என்பதால் அடித்து இறுக்குவார்கள். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாததும் விரல் நுனிக்குத் தெரியும். மேல்பக்கத்தில் கத்திக் கீறல்கள் தாறுமாறாக, ஆழம் மாறி மாறி இருந்தன. போலியில் கீறல் ஒரே ஆழத்தில், ஒரே திசையில், யாரோ பொறுமையாக உட்கார்ந்து போட்ட மாதிரி இருக்கும். பாதி தேய்ந்த செய்தவர் முத்திரையையும் சேர்த்து, தட்டு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று முடிவானது. டீ பாட்டின் அடியில் ஷெஃபீல்டு பெயரும் நான்கு இலக்க எண்ணும். அந்த எண்ணை ஆண்டு என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு, அது கேட்டலாக் மாடல் எண். இ.பி.பி.எம்., அதாவது எலெக்ட்ரோ பிளேட்டட் பிரிட்டானியா மெட்டல் என்று இருந்திருந்தால் மேலே வெள்ளி முலாம், 1840க்குப் பிந்தியது என்று அர்த்தம்.

இப்போது காரீயத்தின் அளவு. வீட்டிலேயே அடர்த்தி பார்த்து ஓரளவு கணிக்கலாம். சமையலறை எலெக்ட்ரானிக் தராசு, ஒரு வாளித் தண்ணீர், நூல் போதும். பொருளை முதலில் வெறுமனே எடை போடுங்கள். பிறகு தண்ணீர் வாளியைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, பொருளை நூலில் கட்டி முழுக்க மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். நூலைக் கையில் பிடிக்காமல் மேலே ஒரு குச்சியில் கட்டினால் எண் ஆடாது. தராசு இப்போது காட்டும் கிராம்தான் பொருளின் கன அளவு, மில்லியில். முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. காரீயமே இல்லாத பியூட்டர் 7.3, பத்து சதவீதம் காரீயம் என்றால் 7.6, இருபது என்றால் 7.9, முப்பது என்றால் 8.2.

என் குவளை 462 கிராம், தண்ணீரில் 59. வகுத்தால் 7.83, அதாவது இருபது சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் இந்தத் தராசு ஒரு கிராமுக்குக் குறைந்து காட்டாது. 58 ஆகவோ 60 ஆகவோ இருந்தால் கணக்கு பதினைந்திலிருந்து இருபத்துநான்கு சதவீதம் வரை நகரும். தட்டு 612 கிராம், தண்ணீரில் 82, அடர்த்தி 7.46. அதே தவறைச் சேர்த்தால் மூன்றிலிருந்து பத்து சதவீதம். நுணுக்கமாகச் சொல்ல முடியாது, ஆனால் எது அதிகம், எது குறைவு என்பதில் சந்தேகமில்லை. கெடுக்கும் விஷயங்கள் இரண்டு. குவளைக்குள்ளோ அடி விளிம்பிலோ காற்றுக் குமிழி சிக்கினால் அடர்த்தி குறைந்து தெரியும், தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, பொருளைச் சாய்த்துச் சாய்த்து இறக்குங்கள். இரண்டாவது, பல குவளைகளின் கைப்பிடி உள்ளே கூடு. 7.2க்குக் கீழே கணக்கு வந்தால் அது புதுவகை உலோகம் என்று நினைக்காதீர்கள், கைப்பிடிக்குள் காற்று இருக்கிறது. மரக் குமிழ் வைத்த டீ பாட்டுக்கும் கண்ணாடி அடி வைத்த குவளைக்கும் இந்த முறையே ஆகாது.

அதற்கு நகைக்கடைதான் வழி. தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் எக்ஸ்ரே மெஷின், கேரட் மீட்டர் என்பார்களே, அதில் எல்லா உலோகமும் காட்டும்படி வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். சில மெஷினில் தங்கத்துக்கு வேண்டிய உலோகங்களை மட்டும் காட்டும்படி வைத்திருப்பார்கள், அதில் வரும் எண் பயன்படாது. "அண்ணே, டின்னும் லெட்டும் ஆண்டிமணியும் காட்டுதா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மெஷின் படிப்பது மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்கை மட்டும். வெள்ளைப் பொடி மேல் வைத்தால் காரீயம் தாறுமாறாக ஏறும், பற்றவைத்த இணைப்பு மேல் வைத்தால் பற்றாசின் காரீயத்தைச் சொல்லும். பொருளின் சுத்தமான இடத்தில், இணைப்பிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடம் பார்க்க வேண்டும். குவளை இருபது சதவீதத்தை ஒட்டி, தட்டு நாலு, டீ பாட்டில் காரீயம் சொல்லும்படி இல்லை, ஆண்டிமணி ஆறு. மூன்றில் மூத்தது தட்டு, அடுத்தது டீ பாட், கடைசியாகப் பிறந்ததுதான் காரீயம் அதிகமுள்ள குவளை.

இனி அந்த வெள்ளைப் பொடி. ஊட்டிக் குளிருக்கு வெள்ளீயம் உதிரும் என்று ஒரு பேச்சு மலையில் உண்டு. சுத்தமான வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழே சாம்பல் பொடியாக மாறக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் காரீயமோ ஆண்டிமணியோ கலந்தால் அந்த மாற்றம் கிட்டத்தட்ட நடக்காது. பழைய பியூட்டரில் கறுப்பாக, கெட்டியாக, குழியோடு பொருக்கு இருந்தால் அது ஈரத்தில் உண்டான வெள்ளீய ஆக்சைடு. மென்மையாக, வெள்ளையாக, தொட்டால் விரலில் ஒட்டும் பொடி என்றால் அது காரீயத்தின் கார்பனேட். குளிர் அதற்குக் காரணமில்லை, அலமாரிதான் காரணம்.

நடப்பது இதுதான். மரமும், பிளைவுட் பசையும் மெதுவாக அசெட்டிக், ஃபார்மிக் அமில ஆவியை விடுகின்றன. கதவை மூடிவிட்டால் ஆவி வெளியே போகாமல் உள்ளேயே சேரும். அது காரீயத்தை அசெட்டேட்டாக்கும், காற்றிலுள்ள கரியமில வாயு அதைக் கார்பனேட்டாக மாற்றும், மாற்றும்போது அமிலத்தைத் திரும்ப விட்டுவிடும். விடுபட்ட அமிலம் அடுத்த காரீயத்தைப் பிடிக்கும். அதனால்தான் கொஞ்சம் ஆவியே நிறைய வேலை செய்கிறது. ஈரம் கூடினால் வேகம் கூடும். கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூனிலேயே ஈரம் ஏறிவிடும், குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகைதான் பெரிய மழை. இதே குவளை பங்களாவில் திறந்த மாடத்தில் தலைமுறைகளாக நின்று ஒன்றும் ஆகாமல் இருந்தது, மதிப்பானது என்று கண்ணாடிக் கதவு போட்ட புதுப் பிளைவுட் அலமாரிக்குள் பூட்டியதும் நோய் வந்தது. ஓக் மரம் இதில் மிக மோசம். தேக்கும் நிரபராதி இல்லை. ஆசாரி தட்டு ஒட்டப் போடும் வெள்ளைப் பசையும், கண்ணாடி ஒட்டும் புளித்த வாடை வீசும் சிலிக்கானும் சேர்ந்தே அமிலம் விடுகின்றன.

பொடியை எடுக்கும்போது துடைப்பம், பிரஷ், வாக்குவம் கிளீனர், உப்புத்தாள் எதுவும் கூடாது. பொடி காற்றில் ஏறினால் மூச்சில் போகும், தரையில் விழுந்தால் குழந்தை கையில் போகும். நைட்ரைல் கையுறையும் என்95 முகக்கவசமும் போட்டு, பழைய செய்தித்தாள் விரித்து, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஒரு பஞ்சை இரண்டாம் முறை தேய்க்க வேண்டாம். எல்லாவற்றையும் தாளோடு சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். அலமாரித் தட்டையும் ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் அதே பையில் போட்டுவிடுங்கள். பொருளை உடனே துணியால் உலர்த்தி, மைக்ரோகிறிஸ்டலின் மெழுகு மிக மெல்லிசாகத் தடவலாம். பித்தளைக்குப் போடுகிற புளியையோ எலுமிச்சையையோ இதன் பக்கம் கொண்டுவரவே கூடாது. பளபளப்பு வரும், கூடவே கரையும் காரீய உப்பும் வரும். குழந்தை பொடியைத் தொட்டிருக்கலாம் என்று தோன்றினால் ஊகித்துக்கொண்டிருக்காமல் நரம்பில் ரத்தம் எடுத்து லெட் அளவு பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் என்றால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டில் அதற்குக் கீழேதான் வந்தது, அன்றுதான் நிம்மதியாகத் தூக்கம்.

வைக்கும் இடமாகப் பவுடர் கோட்டிங் அடித்த இரும்புச் சட்டமும் கண்ணாடித் தட்டும் போதும். எனக்கு அது 18,000 ரூபாய் ஆனது, பிளைவுட் அலமாரி இப்போது புத்தகத்துக்கு. கண்ணாடி ஒட்ட நியூட்ரல் வகை சிலிக்கான் கேட்டு வாங்குங்கள். உள்ளே ஒரு ஈரமானியும் அரை கிலோ சிலிக்கா ஜெல்லும் வைத்து, ஈரப்பதம் 55 சதவீதம் தாண்டாமல் பார்த்தால் நல்லது. மழையில் நம் ஊரில் அது முடியாதபோது மூடி வைப்பதைவிட, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் திறந்த தட்டில் வைப்பதே மேல், கணப்புக்கு மேலே மட்டும் வேண்டாம். காரீயம் நிறைந்த பியூட்டர் 200 டிகிரி தாண்டுவதற்கு முன்பே இளக ஆரம்பித்துவிடும். மரத்தில்தான் செய்வேன் என்றால் முன்கூட்டிச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. தூண்டில் காரீயக் குண்டு ஒன்றைக் கத்தியால் சுரண்டிப் பளபளப்பாக்கி, அந்த மரத் துண்டோடும் நனைத்த பஞ்சோடும் இறுக மூடும் ஜாடியில், ஒன்றையொன்று தொடாமல் வைத்து வெதுவெதுப்பான இடத்தில் சில வாரம் விடுங்கள். மரம் இல்லாமல் இன்னொரு ஜாடியும் அதே மாதிரி. மர ஜாடிக் குண்டு மட்டும் வெளுத்தால் அந்த மரம் ஆகாது. சுரண்டிய இன்னொரு குண்டை அலமாரி மூலையிலேயே போட்டு வைத்தால், குவளைக்கு முன்னால் அது வெளுத்து எச்சரிக்கும். குண்டைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே, இதில் என்ன என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நல்ல ஈயச் சொம்பு சுத்தமான வெள்ளீயம், குவளையில் ஐந்தில் ஒன்று காரீயம். புளி, எலுமிச்சை, ஒயின், ஊறுகாய் எல்லாம் காரீயத்தைக் கரைக்கும். குடிக்கத்தான் கூடாது என்றில்லை. அலங்காரத்துக்கு என்று தட்டில் ஆரஞ்சும் பிளம்ஸும் அடுக்குவது, சின்னக் கிண்ணத்தில் விபூதி போட்டு வைப்பது இரண்டும் வேண்டாம், விபூதி நெற்றியோடு நிற்பதில்லை, நாக்குக்கும் போகும். நான்கு சதவீதத் தட்டுக்கும் இதே விதிதான். டீ பாட்டில் காரீயம் இல்லை என்றாலும் மூக்குக் குழாய் இணைப்பில் பற்றாசு இருப்பதால் அதிலும் டீ போடுவதில்லை.

விற்றவரிடம் திரும்பப் போனேன். "பழசுதானே சார், பழசுன்னுதானே கொடுத்தேன்" என்றார். மூன்றாம் ஜார்ஜ் என்று பில்லில் எழுதியிருந்தால் பேசியிருக்கலாம், பில்லில் இருந்தது "மெட்டல் சாமான் 3" மட்டும். விக்டோரியா கடைசிக் காலச் சாராயக்கடைக் குவளை இங்கிலாந்தில் ஏராளம், அதற்குக் கொடுத்த பங்கில் பாதிகூடத் தேறாது. தட்டு மட்டும் கொடுத்த காசுக்குப் பழுதில்லை. குவளையின் அடியில் இப்போது ஒரு சின்னச் சீட்டு நூலில் கட்டித் தொங்குகிறது: காரீயம் சுமார் 20 சதவீதம், 1878க்குப் பிந்திய முத்திரை, குடிக்க அல்ல.